ஆறு வயதுப் பேரனும் எழுபத்து நாலு வயதுப் பாட்டியும் ஒரே வட்டத்தில்: எந்தச் சீட்டாட்டத்தை எடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரகப்பிரவேசத்தின் மதியம். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டும் சுற்றி வந்தபின் யாரோ ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார்கள். உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர். எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம் ரம்மிதான் என்று அதையே தொடங்கினோம். ஆறு பேர் ஆட, நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். சின்னவன் போகிற வழியில் கலைத்து வைத்திருந்த கட்டைத் தட்டிவிட்டுப் போனான். அவனைத் திட்டினோம். ஆனால் தப்பு அவன்மேல் இல்லை, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த எங்கள்மேல்தான்.

அதற்குப் பிறகு, கலவையான கூட்டத்துக்கு ஆட்டம் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது “எல்லாருக்கும் எது தெரியும்” என்பதை அல்ல. “இதில் ஒருவர் எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும்” என்பதைத்தான். தன் முறை வரும்வரை காத்திருப்பதும், ஆட்டத்திலிருந்து வெளியே போனபின் காத்திருப்பதும் இரண்டுமே இந்தக் கணக்கில் சேரும். வயது, ஆள் எண்ணிக்கை, நேரம் மூன்றையும் இந்த ஒரே கேள்வியோடு வைத்துப் பார்த்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

முதல் படி: இளையவரின் கையையும் மூத்தவரின் கண்ணையும் பாருங்கள்

ஓர் ஆட்டம் எத்தனை வயதுக்கு என்று பெட்டியில் எழுதியிருப்பதைவிட, அந்த ஆட்டம் ஆடுபவரிடம் என்ன வேலை கேட்கிறது என்று பார்ப்பது நல்லது. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஒரே எண்ணை, ஒரே படத்தைக் கண்டுபிடித்துச் சேர்க்கத் தெரியும். ஆனால் அதன் கையில் பதின்மூன்று சீட்டை விசிறியாகப் பிடிக்க முடியாது. நாலு சீட்டு பிடிக்கும், மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் சீட்டுகள் கீழே விழும், எல்லாருக்கும் தெரியும், குழந்தைக்கு அழுகை வரும். ஒரு புத்தகத்தைக் கொஞ்சம் விரித்து நிற்கவைத்து, அதன் பின்னால் சீட்டுகளை வரிசையாகப் பரப்பச் சொன்னால் ஏழு சீட்டுவரை சமாளிக்கும்.

ஏழெட்டு வயதில் “கீழே விழுந்த ஜாதியையே நீயும் போட வேண்டும்” என்ற விதி புரியும், ஆனால் அடிக்கடி மறக்கும். கையில் ஆட்டின் இருக்கும்போதே ஸ்பேடைப் போட்டுவிடும். அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாமல் சீட்டைத் திருப்பி எடுக்க விட வேண்டும். பொய் சொல்லிப் போடுகிற ப்ளஃப் ஆட்டத்துக்கு எட்டு ஒன்பது வயதாவது ஆக வேண்டும். அதற்கு முன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தன் கையைப் பார்த்து “நான் இத்தனை எடுப்பேன்” என்று மதிப்பிட பத்து வயது. ரம்மியில் எதிராளி எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று நினைவு வைத்து ஆடுவது பதின்மூன்று வயதுக்கு மேல்தான் ருசிக்கும். இதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பார்த்தது. உங்கள் வீட்டில் ஓராண்டு முன்பின் இருக்கலாம்.

பெரியவர்கள் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. பாட்டிக்கு ரம்மி நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் சீட்டின் மூலையில் இருக்கும் சின்ன எண் தெரியாது, தரையில் உட்கார முடியாது, வேகமாகக் கை நீட்டித் தட்ட முடியாது. சீட்டை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார் என்றால் கிளாவரும் ஸ்பேடும் அவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன என்று அர்த்தம். அவரே வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவரை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, ஜாதி பார்க்கத் தேவையில்லாமல் எண் மட்டும் பார்த்தால் போதும் என்கிற ஆட்டமாக எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆட்களை எண்ணி, காத்திருப்பைக் கணக்குப் போடுங்கள்

முதலில் 52ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஏழு பேர் என்றால் ஆளுக்கு ஏழு, மிச்சம் மூன்று. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு ஐந்துதான். கட்டு முழுவதையும் பங்கிடும் ஆட்டங்கள் நாலிலிருந்து எட்டுப் பேர்வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் கையில் சீட்டு குறைந்துபோய், யோசிக்க ஒன்றும் இருக்காது. ரம்மியில் ஆறு பேருக்குப் பதின்மூன்று வீதம் 78 சீட்டு போய்விடும். இரண்டு கட்டு கலந்தாலும் நடுவில் மிஞ்சுவது ஜோக்கர் தவிர 26தான். அதனால்தான் ரம்மிக்கு ஆறு பேர் என்பது எல்லை.

சில ஆட்டங்கள் எண்ணிக்கையில் பிடிவாதமானவை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் 304 நாலு பேருக்கான ஆட்டம், எதிரெதிரே இருவர் கூட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று ஒரு ஜாதிக்கு 76. நாலு ஜாதிக்கு 304. ஒன்பதாம் எண் ராஜாவைவிடப் பெரியது என்பதைப் புதியவருக்குப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிடும். அருமையான ஆட்டம்தான், ஆனால் தெரிந்த நாலு பேர் இருந்தால் மட்டும் தனியாக உட்காரட்டும். லிட்ரேச்சரும் அப்படித்தான். ஆறு பேர் வேண்டும், எட்டுகளை நீக்கிய 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. யார் யாரிடம் எதைக் கேட்டார்கள் என்று மனசில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். பத்து வயதுக்குக் கீழே ஒருவர் வந்தாலும் அணி தடுமாறும்.

அடுத்தது காத்திருப்புக் கணக்கு. ஒரு முறைக்கு ஒருவர் எடுக்கும் நேரத்தை மற்றவர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ரம்மியில் ஒருவர் சீட்டெடுத்து, யோசித்து, கழிக்க அரை நிமிடம் என்று வைத்தால், ஆறு பேர் ஆட்டத்தில் உங்கள் முறை மறுபடி வர இரண்டரை நிமிடம். ஊனோவில் ஒருவருக்குப் பத்து விநாடி போதும். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். நடுவில் ரிவர்ஸ் விழுந்தால், அடுத்து நாம்தான் என்று காத்திருந்த குழந்தைக்கு முறை எதிர்ப் பக்கம் ஓடிவிடும். பத்துப் பேர்வரை ஆடலாம் என்றாலும் நான் ஆறு பேருக்கு மேல் ஊனோவை எடுப்பதில்லை.

என் அனுபவத்தில் ஆறு வயதுக் குழந்தை ஒரு நிமிடம் காத்திருக்கும். பத்து வயது இரண்டு நிமிடம். அந்த எல்லையைத் தாண்டியதற்கு அடையாளங்கள் உண்டு. குழந்தை “இப்ப யாரு?” என்று கேட்கத் தொடங்கும், பெரியவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள், யாராவது “எனக்கும் சேர்த்து நீயே போடு” என்பார்கள். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அந்தச் சுற்றோடு நிறுத்திவிடுவது நல்லது.

காத்திருப்பே இல்லாத ஆட்டம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவதுதான். நம் ஊரில் அதற்கு நல்ல உதாரணம் கழுதை. வெட்டி வெட்டி அள்ள வைக்கிற ஆட்டத்தையும் சில வீடுகளில் கழுதை என்பார்கள். நான் சொல்வது சீட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற கழுதை. எத்தனை பேரோ அத்தனை எண்கள், ஒவ்வொன்றிலும் நாலு சீட்டு. ஆளுக்கு நாலு பங்கிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டாத ஒரு சீட்டை வலப்பக்கத்தவருக்குக் கவிழ்த்துத் தள்ள வேண்டும். நாலும் ஒரே எண்ணாகச் சேர்ந்தவர் சத்தமில்லாமல் கையைக் கீழே வைப்பார். பார்த்தவர்கள் வைப்பார்கள். கடைசியில் வைத்தவருக்கு “க”. அடுத்த முறை தோற்றால் “ழு”, அப்புறம் “தை”. ஒரு கட்டில் பதின்மூன்று பேர்வரை ஆடலாம்.

மூன்றாம் படி: ஆட்டம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்

“எவ்வளவு நேரம் ஆகும்” என்பதைவிட “எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியுமா” என்பதுதான் முக்கியம். ப்ளஃப், ஊனோ, வெட்டாட்டம் மூன்றும் முடிவு தெரியாதவை. ஜெயிக்கப் போகிறவரை மற்றவர்கள் சேர்ந்து மறித்துக்கொண்டே இருப்பார்கள். வெட்டாட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் தப்பித்தபின் கடைசி இருவர் ஒருவர் சீட்டை ஒருவர் மாறி மாறி அள்ளிக்கொண்டிருப்பார்கள், தப்பித்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். இவற்றை ஆடுவதானால் “மூன்று பேர் தப்பித்ததும் நிறுத்துகிறோம், அப்போது கையில் அதிகம் வைத்திருப்பவர் கழுதை” என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் சண்டை வரும்.

ரம்மியிலும் இந்த வேறுபாடு உண்டு. 101 புள்ளியை எட்டியவர் வெளியேற வேண்டிய 101 பூல் ஆடினால் ஒருவர் முதல் இரண்டு ஆட்டத்திலேயே 80, 30 என்று வாங்கி வெளியே போய்விடலாம். மிச்ச ஒரு மணி நேரமும் அவர் வேடிக்கை பார்க்க வேண்டும். கூட்டமாக இருக்கும்போது அதற்குப் பதில், ஆளுக்கு ஒருமுறை சீட்டு போடுவது என்று வைத்து, ஆறு பேருக்கு ஆறு ஆட்டம் ஆடி, குறைந்த புள்ளிக்காரர் ஜெயித்தார் என்று முடித்துவிடலாம். ஓர் ஆட்டத்துக்கு எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் ஒரு மணி நேரம், யாரும் வெளியே போகமாட்டார்கள். காசு மட்டும் வேண்டாம். புளியங்கொட்டை போதும். குழந்தைகள் அதைக் காசைவிடக் கவனமாக எண்ணுவார்கள்.

நேரத்தை விருப்பம்போல் வெட்டவும் நீட்டவும் முடிகிற ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தவற்றில் ஜட்ஜ்மென்ட் சிறந்தது. ஆறு பேர் என்றால் முதலில் ஆளுக்கு ஆறு சீட்டு, அடுத்து ஐந்து, இப்படி ஒன்றுவரை இறங்கும். ஆளுக்கொரு சீட்டு போட்டு, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவதை எங்கள் வீட்டில் ஒரு பிடி என்போம். ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்து “நான் இத்தனை பிடி எடுப்பேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னபடியே எடுத்தால் பத்தோடு சொன்ன எண்ணைக் கூட்டிப் புள்ளி, கூடினாலும் குறைந்தாலும் பூஜ்யம். கடைசியாகச் சொல்பவர் மட்டும் மொத்தம் சரியாகப் பொருந்தும்படி சொல்லக் கூடாது, யாராவது ஒருவர் தப்பாக வேண்டும். துருப்பு ஸ்பேட், டைமன், கிளாவர், ஆட்டின் என்று முறை மாறும்.

கணக்கும் சுலபம். ஆறிலிருந்து ஒன்றுவரை கூட்டினால் 21 பிடி. ஒரு பிடிக்கு அரை நிமிடம், கலைத்துப் போட்டுப் புள்ளி எழுத முறைக்கு இரண்டு நிமிடம். மொத்தம் 23 நிமிடத்துக்குள். நேரம் மிச்சமிருந்தால் ஒன்றிலிருந்து மேலே ஏறலாம். தொடக்கத்தில் நீண்ட சுற்றுகள், முடிவில் குட்டிச் சுற்றுகள் என்பதால் எழுந்து போகிற நேரம் நெருங்க நெருங்க ஆட்டம் வேகம் பிடிக்கும்.

ஒரு மதியத்தை முழுதாகத் திட்டமிட்டது

இந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஒன்பது பேர். பாட்டிக்கு எழுபத்து நாலு, பெரியப்பா, பெரியம்மா, நான், தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர்: பதினைந்து, பத்து, ஆறு வயது. மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். ஐந்தே காலுக்கு வேன் வரும். இரண்டேகால் மணி நேரம் என்று தோன்றினாலும், காபிக்கும் பையைக் கட்டுவதற்கும் கழித்தால் ஒன்றரை மணி. கையில் ஒரே ஒரு கட்டு.

முதலில் எல்லாரும் சேர்ந்து கழுதை. ஒன்பது பேருக்கு ஒன்பது எண்கள் வேண்டும். ஆறு வயதுப் பையனுக்கு ஜாக், ராஜா, ராணி மூன்றும் மீசை வைத்த, வைக்காத ஒரே ஆளாகத் தெரியும். ஏஸில் எண்ணே இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் இரண்டிலிருந்து பத்துவரை மிஞ்சுவது சரியாக ஒன்பது. பாட்டி நாற்காலியில் இருந்ததால் தரையில் கை வைப்பதற்குப் பதில் மூக்கில் விரல் வைப்பது என்று மாற்றினோம். இதில் வேகமான கைக்கு வேலை இல்லை, கவனிக்கிற கண்தான் வேண்டும். பாட்டி எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்து ஒருமுறைகூடக் கடைசியாக வரவில்லை.

ஒன்பது பேர் தள்ளும்போது ஒரு சிக்கல் வரும். ஒருவர் மெதுவாக இருந்தால் அவர் முன்னால் இரண்டு மூன்று சீட்டு குவிந்துவிடும், அடுத்தவர் கை காலியாகும். யாரிடமாவது மூன்று சீட்டும் இன்னொருவரிடம் ஐந்து சீட்டும் இருந்தால் இதுதான் காரணம். ஒருவர் “ஒன்று, இரண்டு, விடு” என்று குரல் கொடுத்தால் சரியாகிவிடும். அந்தப் பொறுப்பைப் பத்து வயதுக்காரியிடம் கொடுத்தோம்.

“கழுதை” ஆனவர் வெளியேற வேண்டாம், யாராவது முதலில் மூன்று எழுத்தும் வாங்கினால் ஆட்டமே முடிந்தது என்று வைத்தோம். இதில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு உச்ச வரம்பு உண்டு. ஒன்பது பேரும் ஆளுக்கு இரண்டு எழுத்து வாங்கினால் பதினெட்டுச் சுற்று. பத்தொன்பதாவது சுற்றில் யாராவது மூன்றாவது எழுத்தை வாங்கியே தீர வேண்டும். சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. எங்களுக்குப் பதினோராவது சுற்றில் தம்பி கழுதையானான்.

அதன்பின் கூட்டத்தைப் பிரித்தோம். எல்லாரும் எப்போதும் ஒன்றாகவே ஆட வேண்டும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பாட்டியும் பெரியம்மாவும் சின்னவனும் ஜோடி தேடும் மெமரி, மற்ற ஆறு பேர் ஜட்ஜ்மென்ட். கட்டு ஒன்றுதானே என்று தம்பி மனைவி கேட்டாள். அதற்கும் வழி இருந்தது. இரண்டிலிருந்து ஏழுவரை 24 சீட்டு. சிவப்பு மூன்றுக்குச் சிவப்பு மூன்று, கறுப்பு ஐந்துக்குக் கறுப்பு ஐந்து என்று பன்னிரண்டு ஜோடி. கவிழ்த்து நாலு வரிசையாக, வரிசைக்கு ஆறு. முழுக் கட்டையும் பரப்பினால் குழந்தை தொலைந்துபோகும். இருபத்து நாலில் அவன் பெரியவர்களுக்குச் சமமாக நின்றான், இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து ஜோடி எடுத்தான். மெமரியில் மூன்று நாலு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இங்கேயும் காத்திருப்புதான் காரணம், அதோடு தன் முறை வருவதற்குள் தான் நினைவில் வைத்த ஜோடியை வேறொருவர் எடுத்துவிடுவார்.

மிச்சம் எட்டிலிருந்து ஏஸ்வரை 28 சீட்டு. ஆறு பேருக்கு ஆளுக்கு நாலு போட்டால் 24, நாலு ஒதுங்கும். ஜட்ஜ்மென்டை ஆறுக்குப் பதில் நாலிலிருந்து தொடங்கி ஒன்றுக்கு இறங்கி, மறுபடி நாலுவரை ஏறினோம்: நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஏழு முறை, பத்தொன்பது பிடி. இதுவும் 25 நிமிடத்துக்குள் அடங்கும். சின்னச் சீட்டுகள் இல்லாததால் கையெல்லாம் கனமாகத் தெரியும், எல்லாரும் ஒன்று கூட்டியே சொல்வார்கள். பதினைந்து வயதுக்காரன் இதை முதலில் பிடித்துக்கொண்டு குறைத்துச் சொல்ல ஆரம்பித்தான், புள்ளியிலும் முந்தினான். பத்து வயதுக்காரி முதல் இரண்டு முறை தப்பாகச் சொல்லி முகம் வாடியபோது, பெரியப்பா “வாம்மா, நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி” என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒரு கையை இருவர் பிடித்தால் ஆட்டம் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கலாம், சின்னவர் சீட்டைப் போடலாம். தனியாகத் தோற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

காபி வந்து போனபோது மணி நாலேமுக்கால். மறுபடி எல்லாரும் ஒரே வட்டம். முழுக் கட்டையும் கலைத்து, ஆளுக்கு ஒரே ஒரு சீட்டு ஜட்ஜ்மென்ட், அதுவும் தலைகீழாக. உங்கள் சீட்டை நீங்கள் பார்க்காமல் நெற்றியில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். மற்ற எட்டுப் பேர் சீட்டும் உங்களுக்குத் தெரியும், உங்களுடையது மட்டும் தெரியாது. துருப்பு கிடையாது, பெரிய எண்ணுக்குத்தான் பிடி. சமமாக வந்தால் இருவருக்கும் பிடி. “எடுப்பேன்” அல்லது “எடுக்க மாட்டேன்”, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏஸும் ராஜாவும் சின்னவனுக்குப் புரிய, “ஏஸ்தான் பெரிசு, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்” என்று நாலு சீட்டையும் தரையில் வரிசையாக வைத்துக் காட்டி, திரும்பக் கட்டில் சேர்த்தோம். ஒரு முறைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எந்த நிமிடத்திலும் எழுந்து போகலாம்.

வேன் ஹாரன் அடித்தபோது சின்னவன் நெற்றியில் ஸ்பேட் ஏஸை வைத்துக்கொண்டு, வட்டத்தில் எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நான் எடுக்க மாட்டேன்” என்றான்.